ஓடாத ஸ்கிரிப்ட் சத்தம் போடாது: பேக்கப் காவலில் நான் செய்த தவறுகள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவுக்கு ஒரு கமிஷன் கடை. விடிகாலையில் மூட்டை இறங்கத் தொடங்கினால் மதியத்துக்குள் வியாபாரம் முடிந்துவிடும். எந்த ஊர்க்காரர் எத்தனை கிலோ மல்லி கொண்டுவந்தார், என்ன விலைக்குப் போனது, கமிஷன் போக அவருக்கு எவ்வளவு என்பதெல்லாம் கடையில் இருக்கும் பழைய லினக்ஸ் கணினியில் ஏறுகிறது. அந்த டேட்டாபேஸைத் தினமும் மதியம் 2 மணிக்குப் பேக்கப் எடுத்து என் வீட்டுக் கணினிக்கு அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, கிரானில் போட்டிருந்தேன். முடிந்ததும் எனக்கு ‘பேக்கப் ஆயிற்று’ என்று ஒரு மெயில் வரும். நான் செய்த முதல் தவறே அந்த மெயில்தான்.

முதல் வாரம் தினமும் திறந்து பார்த்தேன். இரண்டாவது வாரம் தலைப்பை மட்டும் பார்த்தேன். அப்புறம் அதற்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு நேராக அங்கே போக வைத்தேன். சில மாதம் கழித்து ஒருநாள் மாமா போன் செய்தார். “மாப்ள, உசிலம்பட்டிக்காரர் போன வாரம் 14 கிலோ போட்டேங்கிறாரு, இங்க அந்தச் சீட்டே இல்ல. யாரோ அழிச்சிருக்காங்க போல. பழசுல இருந்து எடுத்துத் தர்றியா?” பெருமையோடு பேக்கப்பைத் திறந்தேன். கடைசிக் கோப்புக்கு வயது 23 நாள்.

நடந்தது இவ்வளவுதான். கடைக்குப் புதிதாக வந்த தம்பி, கரண்ட் வீணாகிறதே என்று ஒரு மணிக்குக் கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு மணிக்கு மெஷினே இல்லை. ஸ்கிரிப்டில் பிழை எதுவும் வரவில்லை, ஏனென்றால் ஸ்கிரிப்டே ஓடவில்லை. வந்த மெயிலைக் கண் பார்க்கும். வராத மெயிலை எந்தக் கண்ணும் பார்க்காது. தினமும் வெற்றிச் செய்தி அனுப்பி, அது வராத நாளை மனிதன் கவனிப்பான் என்று நம்பும் ஏற்பாடு சில வாரத்துக்கு மேல் தாங்காது. எனக்குத் தாங்கவில்லை.

சரி, ‘தோற்றால் மட்டும் மெயில் அனுப்பு’ என்று மாற்றினால்? அது இன்னும் மோசம். தோற்றதைச் சொல்லவும் மெஷின் உயிரோடு இருக்க வேண்டும். அதே கணினியில் மூன்று மணிக்கு இன்னொரு கிரான் போட்டு, முந்தையது ஓடியதா என்று பார்க்க வைப்பவர்களும் உண்டு. வீட்டுக்குள் தூங்குகிறவனையே வாசல் காவலுக்கு வைப்பது மாதிரிதான். கரண்ட், நெட், டிஸ்க், கிரான் சேவை, இவற்றில் எது போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஆகவே காவல் வெளியே இருக்க வேண்டும், அது தலைகீழாகவும் வேலை செய்ய வேண்டும். ஸ்கிரிப்ட் நன்றாக முடிந்ததும் வெளியே ஒரு முகவரியைத் தட்டிவிட்டு வரும். குறித்த நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் அந்த வெளி ஆள் எனக்குச் செய்தி அனுப்புவார். மௌனமே மணி அடிக்கிறது. இதற்கு நான் வைத்திருப்பது healthchecks.io. என்னைப் போன்றவர்களுக்கு அதன் இலவசக் கணக்கே போதும். திறந்த மூலம் என்பதால் சொந்த சர்வரிலும் நிறுவலாம். அப்படி நிறுவினால் அந்த சர்வர் கடையிலோ, கடையின் நெட்டிலோ இருக்கக் கூடாது.

இதைப் போட்டதும் நிம்மதி வந்தது. நிம்மதி வந்த இடத்தில்தான் அடுத்த தவறும் இருந்தது. அவசரத்தில் நான் எழுதிய வரி இது:

```
mysqldump kadai | gzip > bk-$(date +%F).sql.gz ; curl https://hc-ping.com/UUID
```

நடுவில் இருக்கும் அரைப்புள்ளியைப் பாருங்கள். முன்னால் இருப்பது வென்றதா தோற்றதா என்று அது கேட்பதே இல்லை. அடுத்ததைச் செய் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஒருநாள் நானே டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினேன், `mysqldump` படிக்கும் `.my.cnf` கோப்பில் மாற்ற மறந்தேன். அன்றிலிருந்து பேக்கப் தோற்றது, தட்டல் மட்டும் டாண் என்று இரண்டு மணிக்குப் போய்க்கொண்டிருந்தது. healthchecks பலகையில் பச்சை விளக்கு. வேறு எதற்கோ `ls -l` அடித்தபோதுதான் கண்ணில் பட்டது: ஆறு நாள் கோப்புகள், ஒவ்வொன்றும் சரியாக 20 பைட்.

அந்த 20-ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. உள்ளே எதுவுமே வராமல் `gzip` மூடினால், தலைப்புக்கு 10, வெற்றுப் பொருளுக்கு 2, வாலுக்கு 8 என்று 20 பைட் கோப்பு ஒன்று பிறக்கும். திறந்தால் பிழை எதுவும் சொல்லாமல் திறக்கும், உள்ளே காலி. பேக்கப் ஃபோல்டரில் 20 பைட் கோப்பைக் கண்டால் `gzip`-க்கு முன்னால் உள்ள கட்டளை வாயே திறக்கவில்லை என்று அர்த்தம்.

அரைப்புள்ளியை எடுத்துவிட்டு `&&` போட்டால் தீர்ந்தது என்று நினைப்போம். தீராது. குழாய் போட்டு இணைத்த கட்டளைகளில், கடைசியில் நிற்பவர் சொல்வதைத்தான் ஷெல் கேட்கும். இங்கே கடைசி ஆள் `gzip`. அவருக்கு வெறும் காற்று வந்தாலும் கட்டிக் கொடுத்துவிட்டு ‘என் வேலை சரி’ என்பார். அதனால் குழாயில் யார் தோற்றாலும் தோல்வி என்றே சொல்ல வைக்கும் `pipefail` தேவை. இப்போது ஓடுவது இது:

```
#!/bin/bash
set -euo pipefail
F=/home/kadai/bk/$(date +%F).sql.gz
mysqldump kadai | gzip > "$F"
[ "$(stat -c %s "$F")" -gt 50000 ]
zcat "$F" | tail -n 1 | grep -q 'Dump completed'
rsync "$F" veedu:/bk/
curl -fsS -m 10 --retry 5 -o /dev/null https://hc-ping.com/UUID
```

எந்த வரி தோற்றாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், கடைசித் தட்டல் போகாது. அளவு பார்க்கும் வரியில் உள்ள 50000 என் கடைக் கணக்கு: முழு டேட்டாபேஸையும் எடுப்பதால் கோப்பு நாளுக்கு நாள் வளரும், சுருங்காது, இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே வைத்தேன். அதற்கடுத்த வரி எனக்குப் பிடித்தது. `mysqldump` முழுதாக முடித்தால் கடைசி வரியில் ‘Dump completed’ என்று ஒரு குறிப்பை எழுதிவிட்டுப் போகும். டிஸ்க் நிறைந்தோ, இணைப்பு அறுந்தோ பாதியில் நின்றால் அந்த வரி இருக்காது. தட்டல் எல்லாவற்றுக்கும் கடைசியில் இருப்பதும் முக்கியம்: கோப்பு என் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ‘ஓடியது’ என்று சொல்ல அதற்கு உரிமை உண்டு. ஸ்கிரிப்டின் தலையில் தட்டலை வைத்தால், கிரான் எழுந்தது என்பது மட்டுமே தெரியும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். இந்த வரிகளைத் தனிக் கோப்பில் வைக்காமல் நேராக கிரான் அட்டவணையிலேயே எழுதினால், `%` வந்த இடத்தில் கிரான் வரியை முறித்துவிடும். தேதி போடும் பேக்கப்கள் நிறைய இதில் விழுந்திருக்கின்றன.

அடுத்தது நேரம். நான் காவலிடம் `0 14 * * *` என்று அட்டவணை கொடுத்தேன். அன்று மாலையே எட்டரைக்கு, பேக்கப் வரவில்லை என்று செய்தி. பார்த்தால் இரண்டு மணிக்கே வந்திருக்கிறது. மறுநாளும் அதே எட்டரை. காரணம், அங்கே நேர மண்டலம் UTC என்றே இருந்தது. UTC 14 மணி என்றால் நமக்கு இரவு ஏழரை. மதியம் தட்டியதை எடுத்துக்கொண்டு, ஏழரைக்கு அடுத்ததை எதிர்பார்த்து, ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மணி அடித்திருக்கிறது. மண்டலத்தை `Asia/Kolkata` ஆக்கியதும் அடங்கியது.

அந்த ஒரு மணி நேரப் பொறுமையை எவ்வளவு வைப்பது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். என் ஸ்கிரிப்ட் முடிய நாலு நிமிடம். அதற்காகப் பொறுமையை ஐந்து நிமிடமாக வைத்தால், முகூர்த்த நாளில் நெட் கொஞ்சம் இழுத்தாலே மணி அடிக்கும். பொய் மணி நாலு முறை அடித்தால் ஐந்தாவது முறை நாமே வாயை அடைத்துவிடுவோம். அந்தப் பக்கம் ஒரு நாள் முழுக்கப் பொறுத்தால், தெரிய வரும்போது அடுத்த நாள் வியாபாரமும் முடிந்திருக்கும். எவ்வளவு தாமதமாகத் தெரிந்தாலும் நம்மால் அன்றைக்கே சரி செய்ய முடியும் என்பதுதான் அளவுகோல். மூன்று மணிக்குத் தெரிந்தால் நான் கடைக்குப் போய் வர நேரம் இருக்கிறது. ஆகவே ஒரு மணி நேரம்.

மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்தடை அறிவிப்பார்களே, அந்த நாளில் இந்த மணி கட்டாயம் அடிக்கும், அடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஐந்து மணிக்குக் கரண்ட் வந்த பிறகும் பேக்கப் எடுக்கப்படவில்லை என்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: கிரான் தவறவிட்ட நேரத்தைத் திரும்ப எடுத்துச் செய்யாது. அதற்கு systemd டைமர் சரிப்படும்:

```
[Timer]
OnCalendar=*-*-* 14:00:00
Persistent=true
```

இரண்டாவது வரிதான் விஷயம். தவறிய ஓட்டம் இருந்தால் மெஷின் எழுந்ததும் ஓட்டிவிடும். ஆனால் மெஷின் எழ வேண்டுமே! கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் ஓர் அமைப்பு இருக்கும், அதையும் மாற்றினேன். இல்லையென்றால் மறுநாள் விடிகாலை யாராவது பட்டனை அழுத்தும் வரை காத்திருக்க வேண்டும்.

கடைசித் தவறு, மணி அடிக்கிறதா என்று அடித்துப் பார்க்காமல் விடுவது. நான் ஒரு வெள்ளிக்கிழமை டைமரை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தேன். மூன்று மணி ஆயிற்று, மூன்றரை ஆயிற்று, செய்தி இல்லை. பலகையில் சிவப்பு இருக்கிறது. மெயிலைத் தேடினால் அது நான் ஆரம்பத்தில் போட்ட அந்த ஃபோல்டருக்குள் போய்ப் படுத்திருக்கிறது! ‘பேக்கப்’ என்ற சொல் தலைப்பில் இருந்தால் அங்கே தள்ளு என்று நானே எழுதிய விதி. அதை அழித்துவிட்டு, டெலிகிராமுக்கும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். மறுவாரம் திரும்ப நிறுத்திப் பார்த்தபோது, சாப்பிட்டுக் கைகழுவும் நேரத்தில் போன் அதிர்ந்தது.

போன மாதம் ஒருநாள் மூன்று மணிக்கு அது உண்மையாகவே அதிர்ந்தது. கடைக்குப் போன் போட்டேன். “தம்பி, சுவிட்சை அணைச்சியா?” என்றேன். “இல்லண்ணே, எலி வயரக் கடிச்சிருச்சு” என்றான்.