ஒரே படப்பிடிப்பில் கிடைமட்டமும் செங்குத்தும்

யூடியூபில் ஓடும் நீண்ட விளக்கப்படத்திற்கு 16:9 என்ற கிடைமட்டச் சட்டகமும், ரீல்ஸ், ஷார்ட்ஸ் ஆகியவற்றுக்கு 9:16 என்ற செங்குத்துச் சட்டகமும் பொருந்தும். செங்குத்து மட்டுமே போதுமென்றால் கைப்பேசியை நிமிர்த்தி வைத்து எடுத்துவிடலாம். இரண்டும் வேண்டுமென்றால், 4கே தரத்தில் கிடைமட்டமாக எடுத்து, அதிலிருந்து செங்குத்தை வெட்டிக்கொள்வதே என் வழக்கம்.

4கே படம் 3840 × 2160 பிக்சல். முழு உயரத்தையும் வைத்துக்கொண்டு 9:16 அளவில் வெட்டினால் 1215 × 2160 கிடைக்கும்; ரீல்ஸுக்குத் தேவையான 1080 × 1920-ஐ விட இது சற்றுப் பெரியது. 1080பி-யில் எடுத்திருந்தால் வெட்டிய பகுதி ஏறத்தாழ 607 பிக்சல் அகலமே இருக்கும் என்பதால், பெரிதாக்கும்போது முகம் மங்கிவிடும்.

நான் சறுக்கியது சட்டகம் அமைப்பதில்தான். கைக்கடிகாரம் ஒன்றைப் பிரித்துக் காட்டும் படத்தில், பாடம் படித்ததுபோல், சட்டகத்தின் அகலத்தை மூன்றாகப் பிரிக்கும் இரு கோடுகளில் முகத்தை இடது கோட்டிலும் கடிகாரத்தை வலது கோட்டிலும் வைத்தேன். கிடைமட்டத்தில் அழகாகவே இருந்தது. செங்குத்தாக வெட்டியபோது, முகத்தைப் பிடித்தால் கடிகாரம் போயிற்று, கடிகாரத்தைப் பிடித்தால் முகம் போயிற்று. மறுநாள் முழுவதையும் மீண்டும் எடுத்தேன்.

கேமராவில் 3 × 3 கட்டக் கோடுகளை இயக்கினால், நடுப் பத்தியின் அகலம் 1280 பிக்சல். நமக்கு வேண்டிய 1215-க்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே முகம், கை, பொருள் மூன்றும் அந்தப் பத்திக்குள் சற்று உள்ளடங்கியே இருக்க வேண்டும். பொருளைப் பக்கவாட்டில் நீட்டாமல் மார்புக்கு முன்னால் கொண்டுவந்தால், இரு சட்டகத்திலும் அது தங்கும். ரீல்ஸில் அடிப்பகுதியைத் தலைப்பு வரிகளும் வலது ஓரத்தைப் பொத்தான்களும் மறைப்பதால், கைவேலை சட்டகத்தின் அடிமட்டத்தில் நடக்கக்கூடாது. இருபுறமும் மிஞ்சும் இடத்தில் விளக்கோ அலமாரியோ இருக்கட்டும், இழந்தாலும் நட்டமில்லை.

தொகுப்புக்கு நான் டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துகிறேன். எழுத்துகளைச் சேர்ப்பதற்கு முன்பே டைம்லைனை நகலெடுத்து, நகலின் அமைப்பில் `Use Project Settings` தேர்வை நீக்கி, அளவை 1080 × 1920 ஆக்குங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிந்தால், `Mismatched Resolution` என்ற இடத்தில் `Scale full frame with crop` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டையும் பார்த்து, ஆள் விலகியிருக்கும் இடங்களில் மட்டும் `Position X` மதிப்பை மாற்றினால் போதும்.

பின்சேர்க்கை: நிமிர்த்தி எடுத்துவிட்டுக் கிடைமட்டத்தை வெட்டலாமே என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தனர். பிக்சல் போதும், ஆனால் உயரத்தில் மூன்றிலொரு பங்குகூட மிஞ்சாது என்பதால், இடுப்பளவு எடுத்த படத்தில் முகம் நிற்கும், கைகள் காணாமற்போகும். இருவர் அருகருகே அமர்ந்து பேசும் படத்திற்கு நடுப் பத்தி உதவாது. பேசுபவர் மாறும்போதெல்லாம் செங்குத்துப் படத்தையும் துண்டித்து, `Position X` மதிப்பை அவர் பக்கம் மாற்றியே ஆகவேண்டும்.