பாலத்தைச் சீக்கிரம் தகர்த்தால்?

170-ஆம் எண் பஸ்ஸில் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு 1942 ஜனவரி நினைவுக்கு வரும். ஜப்பானியர் துரத்த மலாயாவிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலியப் படைகள் இந்த வழியாகத்தான் சிங்கப்பூர்த் தீவுக்குள் வந்தன. ஒரு படைப்பிரிவு மட்டும் வந்து சேரவில்லை.

பின்காவல் படையின் வேலையைச் சொல்வது சுலபம். ஒரு பிரிவு எதிரியைத் தடுத்து நிற்கும். இன்னொன்று பின்னால் போய் நல்ல இடம் பார்த்து நிலை கொள்ளும். அப்புறம் முன்னே நின்றது அதைத் தாண்டிப் பின்னே போகும். இப்படி மாறி மாறிப் போகும்போது, எதிரி ஒவ்வொரு தடவையும் நின்று, அணிவகுத்துத் தாக்க வேண்டியிருக்கும். அந்தத் தாமதத்தில்தான் மற்றவர்கள் தப்பிக்கிறார்கள்.

இதில் முதல் தவறு, சொன்ன இடத்தைத் தாண்டிப் போய்விடுவது. ஜொகூரில் ரயில் பாதையை ஒட்டிப் பின்வாங்கிய 9-வது இந்திய டிவிஷனில் நடந்தது அதுதான். அதன் 22-வது பிரிகேட் என்ற படைப்பிரிவு லாயாங் லாயாங்கில் நின்றது. அதற்குத் தெற்கே உள்ள மேட்டில் நிற்க வேண்டிய 8-வது பிரிகேட் இன்னும் பின்னே போய்விட்டது. காலியான மேட்டை ஜப்பானியர் பிடித்துக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய தவறு பாலத்தில் நடந்தது. 22-வது பிரிகேட் கடந்து வர வேண்டிய ரயில் பாலத்தை முன்கூட்டியே தகர்த்துவிட்டார்கள். பாலத்தோடு தந்திக் கம்பியும் அறுந்தது. ஆகவே யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நிலைமையை நேரில் பார்க்க ஜனவரி 28-இல் முன்னே சென்ற டிவிஷன் தளபதி பார்ஸ்டோ வழியிலேயே கொல்லப்பட்டார்.

சரி, தாமதித்தால் நல்லதா? அதுவும் இல்லை. மூன்று வாரம் முன்பு, ஜனவரி 7 அதிகாலையில், ஸ்லிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு பாய்ந்து வந்தபோது பாலம் தகர்க்கப்படவில்லை. இரண்டு பிரிகேடுகள் சிதறின. எனவே வெடி வைப்பவரிடம் நேரத்தைச் சொன்னால் போதாது. கடைசி ஆள் கடந்துவிட்டார் என்று யார் சொன்னால் தகர்க்கலாம், எதிரி பாலத்துக்கே வந்துவிட்டால் யாரையும் கேட்காமல் தகர்க்கலாமா என்று இரண்டையும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

கடற்பாலத்தில் இதைச் சரியாகச் செய்தார்கள். ஜொகூர் பாருவைச் சுற்றி வெளிவளையத்தில் ஆஸ்திரேலியர்களும் ஸ்காட்லாந்தின் கார்டன் ஹைலேண்டர்களும், உள்வளையத்தில் இன்னொரு ஸ்காட்லாந்துப் படையான ஆர்கைல் பட்டாளமும் நின்றன. ஜனவரி 31 காலையில் வெளிவளையம் முதலில் வந்தது, ஆர்கைல்கள் பேக்பைப் வாசித்தபடி கடைசியாகக் கடந்தார்கள். அதற்குப் பிறகே கடற்பாலத்தைத் தகர்த்தார்கள். ஜப்பானியர் நெருக்கிப் பிடிக்காததும் அதிர்ஷ்டம்தான். ஆனால், தண்ணீர் வற்றும்போது அந்த உடைப்பை நடந்தே கடக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

22-வது பிரிகேட் அப்போதும் காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது. சிலர் மட்டும் ஜலசந்தியைக் கடந்து வந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் பிப்ரவரி 1-இல் சரணடைந்தார்கள். அவர்கள் வந்து சேர வேண்டிய கடற்பாலம் உடைந்து ஒரு நாள் ஆகியிருந்தது.