முதல் முறை கார் லைசன்ஸ் எடுப்பவர்களுக்கு: சர்க்கிட் புக்கிட்டில் கார் பின்னால் உருளாமல் எடுப்பது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கார் ஓட்டப் பழக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். கப்சாய் மோட்டாரில் வருவார்கள், அதை நன்றாகவே ஓட்டுவார்கள். சர்க்கிட்டில் பார்க்கிங், மூன்று முனைத் திருப்பம் இரண்டையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். புக்கிட்டில் மட்டும் கார் அணைந்துபோகும், இல்லாவிட்டால் பின்னால் உருளும். இந்தப் பாடம் அந்த ஒன்றைப் பற்றியது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் கேபிபி 01 வகுப்பு, பிறகு கணினியில் உண்டாங் டெஸ்ட். 50 கேள்வியில் 42 சரியாக இருந்தால் பாஸ். தமிழிலும் எழுதலாம். அதன் பிறகு எல் லைசன்ஸ், சர்க்கிட்டிலும் சாலையிலும் பயிற்சி, கடைசியில் ஜேபிஜே டெஸ்ட். பாஸானால் இரண்டு வருடம் பி லைசன்ஸ். கிளட்ச் உள்ள காரில் டெஸ்ட் எடுத்தால் டி லைசன்ஸ், அதை வைத்து ஆட்டோ காரும் ஓட்டலாம். ஆட்டோவில் எடுத்தால் டிஏ, அதை வைத்துக் கிளட்ச் காரை ஓட்ட முடியாது. தோட்டத்து வேனோ சின்ன லோரியோ ஓட்ட வேண்டி வரும் என்று நினைப்பவர் டி எடுப்பதே நல்லது. கீழே சொல்வதெல்லாம் டி எடுப்பவர்களுக்கு.

கப்சாய் பழக்கம் ஏன் இங்கே தடுக்கிறது

கப்சாயில் கிளட்ச் பிடி கிடையாது. கியரை மிதித்து எண்ணெயை முறுக்கினால் வண்டி போகும். அதனால் வண்டி ஏற மறுத்தால் எண்ணெயைக் கூட்டு என்று உடம்பு பழகியிருக்கிறது. காரில் கிளட்சை முழுதாக மிதித்திருக்கும்போது இன்ஜினுக்கும் டயருக்கும் தொடர்பே இல்லை. எவ்வளவு எண்ணெய் கொடுத்தாலும் இன்ஜின்தான் கத்தும், கார் ஓர் அங்குலம்கூட நகராது. மேட்டில் காரைத் தாங்கி நிறுத்துவது இடது காலின் வேலை, வலது கால் அதற்குத் துணை மட்டும். இதை வாயால் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கால் ஒப்புக்கொள்ளத்தான் நாளாகும்.

கிளட்சை மெதுவாக விடும்போது ஓர் இடத்தில் அது இன்ஜினைப் பாதி பிடிக்கும். அதைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறோம். அந்த இடம் காருக்குக் கார் மாறும். புதிய கிளட்சில் கீழேயே பிடிக்கலாம், தேய்ந்ததில் மிகவும் மேலே வந்துதான் பிடிக்கலாம். டெஸ்ட் அன்று நீங்கள் பழகிய அதே கார் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். எந்தக் காரில் ஏறினாலும் புக்கிட்டுக்குப் போகும் முன், சமதளத்திலேயே, முதல் கியரில் பிரேக்கை மிதித்தபடி கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள். இன்ஜின் சத்தம் கனக்கும் இடம் எது என்று கால் குறித்துக்கொள்ளட்டும். உடனே கிளட்சை மறுபடி மிதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கார் அணையும்.

காலணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலிப்பர் வேண்டாம். தடித்த அடி வைத்த ஷூவிலும் கிளட்ச் பிடிக்கும் அதிர்வு பாதத்துக்குத் தெரியாது. பள்ளிக்குப் போட்ட மெல்லிய கேன்வாஸ் ஷூ போதும்.

ஏறுவதும் நிற்பதும்

முதல் கியரிலேயே, கிளட்சை முழுதாக விட்ட நிலையில், கொஞ்சம் எண்ணெய் கொடுத்து ஏறுங்கள். பயத்தில் அடியிலேயே கிளட்சைப் பாதி மிதித்தால் கார் பாதி வழியில் சோர்ந்துவிடும்.

முன் டயர் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கோடு இருக்கும். காருக்குள் உட்கார்ந்தால் டயர் தெரியாது, அதனால் வேறு அடையாளம் வேண்டும். பயிற்சியில் ஒருமுறை காரைச் சரியான இடத்தில் நிறுத்தி, அந்தக் கோடு பக்கக் கண்ணாடியின் எந்த இடத்துக்கு நேரே தெரிகிறது என்று பார்த்து வையுங்கள். கூடப் படிக்கும் பிள்ளை சொன்ன அடையாளத்தைக் கடன் வாங்காதீர்கள். சீட்டை நீங்கள் தள்ளி வைக்கும் தூரமும் உங்கள் உயரமும் வேறு, அடையாளமும் வேறாகத்தான் இருக்கும். சீட்டை எப்போதும் ஒரே தூரத்தில் வைத்துப் பழகுவதும் அதற்காகத்தான்.

இடம் வந்ததும் கிளட்சும் பிரேக்கும் சேர்த்து மிதித்து நிற்கவும். ஹேண்ட் பிரேக்கை முழுதாக மேலே இழுங்கள். பிறகு கால் பிரேக்கை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். கார் அசையவில்லை என்றால் ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கிறது என்று பொருள். லேசாக நகர்ந்தாலும் மறுபடி மிதித்து, இன்னும் ஒரு பல் மேலே இழுங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டு நேராக எண்ணெய்க்குக் காலை மாற்றுகிறவர்கள்தான் அதிகம் உருளுகிறார்கள்.

எடுப்பது

இனி அவசரமே இல்லை. ஹேண்ட் பிரேக் காரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கியர் ஒன்றில் இருக்கட்டும், கிளட்ச் முழுதாக மிதித்திருக்கட்டும். வலது காலால் எண்ணெயை லேசாக அழுத்தி, சத்தம் சும்மா ஓடும்போது இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும்போது அப்படியே நிறுத்துங்கள். ஆர்பிஎம் முள் உள்ள காரில் அது 1500 பக்கம் இருக்கும். முள் இல்லாத காரில் காதுதான் மீட்டர்.

இப்போது இடது காலை மெல்ல மேலே விடுங்கள். குதிகால் தரையில் ஊன்றியிருக்கட்டும், பாதம் மட்டும் எழும்பட்டும். காலை முழுதாகத் தூக்கி அந்தரத்தில் வைத்தால் நடுங்கும். ஓர் இடத்தில் மூன்று அடையாளம் ஏறக்குறைய சேர்ந்து வரும்: இன்ஜின் சத்தம் தாழும், ஸ்டியரிங்கில் அதிர்வு வரும், காரின் மூக்கு சற்று எழும்பும். மூக்கு எழும்புவதே நம்பகமான அடையாளம். சத்தம் குறைந்ததுமே ஹேண்ட் பிரேக்கை விடுகிறவர்கள் சில சமயம் அரைக் கணம் முந்திவிடுகிறார்கள்.

மூக்கு எழும்பியதும் இரண்டு காலையும் அப்படியே வைத்திருங்கள். கைதான் வேலை செய்ய வேண்டும். ஹேண்ட் பிரேக்கைச் சற்று மேலே இழுத்து, பொத்தானை அழுத்தி, முழுதாகக் கீழே விடுங்கள். பாதியில் விட்டால் பின் டயர் இன்னும் பிடிபட்டிருக்கும், கார் இழுத்து இழுத்து அணையும். விட்டதும் கார் அப்படியே நிற்கும், அல்லது மெல்ல முன்னால் ஊரும். இரண்டும் சரிதான். இப்போது எண்ணெயை ஒரு துளி கூட்டி, இடது காலை இன்னும் கொஞ்சம் விட்டால் கார் ஏறும். மேட்டைத் தாண்டிய பிறகே கிளட்சை முழுதாக விடுங்கள்.

இறங்கும்போது எண்ணெயை விட்டுவிட்டு முதல் கியரிலேயே, கிளட்சைத் தொடாமல் வாருங்கள். இன்ஜின் காரைப் பிடித்துக்கொள்ளும், தேவைக்குப் பிரேக் போதும். கிளட்சை மிதித்தபடி இறங்கினால் கார் தன் போக்கில் ஓடும்.

எங்கே பிசகியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது

போன மாதம் வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். நல்ல பையன், அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். முதல் முறை இன்ஜின் காது கிழியக் கத்தியது, கார் பின்னால் போனது.

“எண்ணெய் பத்தலையா அண்ணே?” என்றான்.

“சத்தத்தைக் கேளு தம்பி. கத்துது இல்ல? அப்படின்னா எண்ணெய் நிறைய இருக்கு, கிளட்ச்தான் இன்னும் பிடிக்கல.”

சத்தம் உயர்ந்தே இருந்து கார் உருண்டால் இடது கால் இன்னும் கீழே இருக்கிறது. அடுத்த முறை அவன் இடது காலைச் சட்டென்று விட்டான். கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. குலுங்கி அணைந்தால் கிளட்ச் வேகமாக வந்துவிட்டது. குலுங்காமல் சத்தம் மெல்ல இறங்கி அணைந்தால் எண்ணெய் குறைவு, இல்லையென்றால் ஹேண்ட் பிரேக் இன்னும் மேலே இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் காதால் பிரித்துவிட்டால், பயிற்றுநர் சொல்லாமலே நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

பிறகு அவனை ஹேண்ட் பிரேக்கை விடவே வேண்டாம் என்றேன். மேட்டில் நின்றபடி மூக்கை எழுப்பு, மறுபடி கிளட்சை மிதி, மறுபடி எழுப்பு, அவ்வளவுதான். ஏற வேண்டிய கவலை இல்லாததால் கால் அந்த இடத்தை நன்றாகத் தேடியது. இடையிடையே சற்று ஓய்வு கொடுத்தோம், ஏனென்றால் ஹாஃப் கிளட்சில் நீண்ட நேரம் வைத்தால் கருகிய வாடை வரும். அது கிளட்ச் தேயும் வாடை. அது வந்தால் இறக்கி, ஆறவிட வேண்டும். அப்புறம்தான் ஹேண்ட் பிரேக்கை விடச் சொன்னேன். கார் நின்ற இடத்திலேயே நின்றது. பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான், “முன்னால பாரு” என்றேன்.

உருளத் தொடங்கினால் கிளட்சைச் சட்டென்று விட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கார் அணைந்து இன்னும் உருளும். கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதியுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், முதலிலிருந்து தொடங்குங்கள். அணைந்துபோனாலும் இதே வரிசைதான்: முதலில் காரை நிறுத்து, பிறகு இன்ஜினை எழுப்பு. டெஸ்டில் பின்னால் உருண்டு கோட்டைத் தாண்டினால் தோல்விதான். அதனால் உருளத் தொடங்கும் அந்த முதல் கணத்திலேயே கால் பிரேக்குக்குப் போயாக வேண்டும்.

டெஸ்ட் அன்று ஒரு வித்தியாசம்

சர்க்கிட் டெஸ்டில் நீங்கள் தனியாகத்தான் ஓட்டுவீர்கள், ஜேபிஜே அதிகாரி வெளியே நின்று பார்ப்பார். பக்கத்து சீட்டில் பயிற்றுநர் இல்லை, அதாவது ஒரு ஆளின் எடை குறைந்துவிட்டது. அதே அளவு எண்ணெய்க்குக் கார் பழகியதைவிடச் சற்றுச் சுறுசுறுப்பாக எழும்பும். அது தெரியாத பிள்ளைகள் பயந்து கிளட்சை மிதிக்கிறார்கள், உடனே கார் பின்னால் வருகிறது. கார் துள்ளினால் வலது காலைத்தான் லேசாகத் தளர்த்த வேண்டும், இடது காலைத் தொடக் கூடாது. முடிந்தால் டெஸ்டுக்கு முன், பயிற்றுநர் இறங்கி வெளியே நிற்க, சர்க்கிட்டிலேயே தனியாகச் சில தடவை ஏறிப் பாருங்கள்.

வீட்டில் அப்பாவின் காரை எடுத்துப் பழகாதீர்கள். எல் லைசன்ஸ் வைத்திருப்பவர் பயிற்றுநர் இல்லாமல் சாலையில் ஓட்டக் கூடாது. ஆனால் இன்ஜின் அணைந்த காரில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றிக் கிளட்சை மெல்ல விடும் அசைவைப் பழகலாம். அதற்கு எண்ணெய்ச் செலவும் இல்லை, சாலையும் வேண்டாம்.

லைசன்ஸ் கிடைத்த பிறகு இதே வேலை தோட்டத்து மண் சாலை பெரிய சாலையில் சேரும் மேட்டில் தேவைப்படும். ஈப்போ - கோலகங்சார் சாலையில் லோரி போய்க்கொண்டிருக்கும், உங்கள் பின்னால் ஒரு கப்சாய் ஒட்டி நிற்கும். மழை பெய்த செம்மண்ணில் சர்க்கிட்டில் கொடுத்த அளவு எண்ணெய் கொடுத்தால் முன் டயர் சுழன்று சேறு வாரும், கார் ஏறாது. அங்கே எண்ணெயைக் குறைத்து, ஹாஃப் கிளட்சை இன்னும் நிதானமாகப் பிடித்து, டயர் சுழலாத அளவிலேயே எடுங்கள். சுழலத் தொடங்கினால் எண்ணெயைக் கூட்டாமல் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மறுபடி முயலுங்கள்.