ஓசிஓ ஆர்டர் போடுவது எப்படி: கேப் டவுன் வந்தால் உங்கள் ஸ்டாப்லாஸ் என்ன ஆகும்?

பங்கு வாங்கும்போதே, நஷ்டத்தை நிறுத்தும் ஸ்டாப்லாஸும் லாபத்தில் விற்கும் டார்கெட்டும் சேர்த்துப் போட்டுவிடுவது நல்ல பழக்கம். இரண்டில் ஒன்று நடந்தால் மற்றது தானாக ரத்தாகும். அதுதான் ஓசிஓ. வாங்கும் ஆர்டரையும் இவற்றோடு ஒரே கட்டாகச் சேர்த்தால் பிராக்கெட் ஆர்டர். இந்தியாவில் பல புரோக்கர்கள் பிராக்கெட் ஆர்டரை இப்போது தருவதில்லை. டெலிவரியில் வாங்குகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும், சொன்ன விலை வரும்வரை நாள் கணக்கில் காத்திருக்கும் ஜிடிடி ஆர்டரில் வரும் ஓசிஓதான். அதைப் போடும் முறையைப் பார்ப்போம்.

படி 1: மூன்று விலைகளை முதலில் எழுதுங்கள்

ஒரு பங்கை 500 ரூபாய்க்கு 100 எண்ணிக்கை வாங்குகிறீர்கள். 480க்கு இறங்கினால் வெளியேற வேண்டும், 540 வந்தால் லாபத்தோடு விற்க வேண்டும். நஷ்டம் வந்தால் 2,000 ரூபாய், லாபம் வந்தால் 4,000.

படி 2: டிரிகர், லிமிட் இரண்டும் வேறு

ஜிடிடியில் `OCO` தேர்ந்தெடுத்தால் ஸ்டாப்லாஸ், டார்கெட் இரண்டுக்கும் தனித்தனியாக டிரிகர் விலையும் லிமிட் விலையும் கேட்கும். டிரிகர் என்பது "இந்த விலை வந்தால் ஆர்டரை அனுப்பு" என்பது. லிமிட் என்பது "இதற்குக் கீழே விற்காதே" என்பது. டிரிகர் தொடும் வரை உங்கள் ஆர்டர் புரோக்கரின் சர்வரில்தான் இருக்கும், எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருக்காது.

பலர் டிரிகர் 480, லிமிட் 478 என்று போடுவார்கள். சாதாரண நாளில் இது போதும்.

படி 3: கேப் வந்தால் என்ன நடக்கும் என்று ஓட்டிப் பாருங்கள்

2024 ஜனவரி 16 மாலை எச்டிஎஃப்சி வங்கியின் காலாண்டு முடிவு வந்தது. மறுநாள் பங்கு பெரிய இடைவெளியோடு, அதாவது கேப் டவுனில், கீழே திறந்து, 8 சதவீதத்துக்கு மேல் சரிந்து முடிந்தது. இப்படிப்பட்ட காலையில் நம் ஆர்டர் என்ன ஆகும்?

நேற்று 500க்கு முடிந்த பங்கு இன்று 9:15க்கு 462ல் திறக்கிறது. 480 என்ற டிரிகர் தாண்டிவிட்டதால் ஜிடிடி வேலை செய்கிறது. 478 லிமிட்டில் விற்கும் ஆர்டர் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது. ஆனால் 462க்குக் கிடைக்கும் பங்கை 478 கொடுத்து யார் வாங்குவார்? ஆர்டர் அப்படியே நிற்கும். விலை திரும்பி ஏறாவிட்டால் 3:30க்கு ரத்தாகிவிடும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜிடிடி ஒருமுறை டிரிகர் ஆனால் முடிந்தது. டார்கெட்டும் அதோடு போய்விடும். அடுத்த நாள் உங்களிடம் பங்கு இருக்கும், ஸ்டாப்லாஸ் இருக்காது. "டிரிகர் ஆனது" என்ற செய்தியைப் பார்த்து விற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். 9:20 வாக்கில் ஆர்டர் பக்கத்தில் `COMPLETE` இருக்கிறதா, `OPEN` இருக்கிறதா என்று பாருங்கள். `OPEN` என்றால் லிமிட்டைக் குறைத்து மாற்றுவதா, வைத்திருப்பதா என்று அங்கேயே முடிவெடுங்கள்.

மேலே கேப் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. 560ல் திறந்தால் 540 லிமிட் உள்ள விற்பனை, அப்போது சந்தையில் கிடைக்கும் நல்ல விலைக்கே முடியும்.

படி 4: லிமிட்டைத் தாழ்த்திப் போடுங்கள்

டிரிகர் 480, லிமிட் 452 என்று வையுங்கள். 452க்கே விற்றுவிடும் என்ற பயம் வேண்டாம். 462க்கு வாங்க ஆள் இருந்தால் 462க்கே போகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அன்றைய விலை எல்லைக்கு வெளியே லிமிட் இருந்தால் எக்ஸ்சேஞ்ச் ஏற்காது. 10 சதவீத எல்லை உள்ள பங்கு 500க்கு முடிந்திருந்தால் கீழ் எல்லை 450, அதனால் 452 செல்லும். பங்கு 520க்கு ஏறி முடிந்த பிறகு எல்லை 468 ஆகிவிடும், அப்போது 452 நிராகரிக்கப்படும். எனவே விலை ஏற ஏற ஜிடிடியையும் திருத்த வேண்டும். விலை கீழ் எல்லையைத் தொட்டு நிற்கும் லோயர் சர்க்யூட்டில் வாங்க ஆளே இல்லையென்றால் எந்த லிமிட்டும் உதவாது.

படி 5: விற்கும் அனுமதி

பங்கை விற்க புரோக்கருக்கு ஒரேயடியாக அனுமதி தரும் டிடிபிஐ பத்திரம் கொடுக்காதவர்கள், டீமேட்டில் உள்ள பங்கை விற்க டிபின் என்ற ரகசிய எண் போட்டு அனுமதி தர வேண்டும். அது இல்லாத காலையில் டிரிகர் ஆனால் ஆர்டர் நிராகரிக்கப்படும், ஜிடிடியும் காலி. ஓசிஓவை நம்பி அலுவலகம் போகிறவர்கள் டிடிபிஐயை முடித்துவிடுவது நல்லது.

படி 6: எண்ணிக்கையைக் கேப்பை வைத்துக் கணக்கிடுங்கள்

462க்கு விற்றால் நஷ்டம் 2,000 அல்ல, 3,800. காலாண்டு முடிவு நெருங்கும் பங்கில் நான் ஸ்டாப்லாஸ் தூரத்தை வைத்து எண்ணிக்கை போடுவதில்லை, 10 சதவீத சரிவை வைத்துப் போடுகிறேன். 500 ரூபாய் பங்கில் அது 50 ரூபாய். 2,000தான் தாங்கும் என்றால் 40 பங்கு, 100 இல்லை. அதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால் முடிவு வரும் நாளில் 3:30க்கு முன்பே விற்றுவிடுங்கள்.