இரு விசைப்பலகைப் பயிற்சி: வலது சுண்டுவிரல் தடுமாறும் இடமும் பிற தவறுகளும்

தமிழ், ஆங்கிலம் இரண்டையும் விசைகளைப் பாராமல் தட்டச்சு செய்ய நான்கு வாரத்தில் பழக விரும்பும் பெரியவர்கள், முதல் நாளிலேயே இரண்டு விசைப்பலகைகளையும் ஒரே அமர்வில் எடுத்துக்கொள்வது வழக்கம். இதுவே முதல் தவறு. முதல் வாரத்தை ஆங்கிலத்துக்கு மட்டும் ஒதுக்கி, `f`, `j` விசைகளில் உள்ள மேடுகளைத் தொட்டே விரல்கள் இருப்பிடம் திரும்பப் பழகிய பிறகு, இரண்டாம் வாரத்தில் தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகையின் நடுவரிசையைத் தொடங்கினால், விரல் நகர்வும் எழுத்து நினைவும் ஒன்றையொன்று குழப்புவதில்லை. கைப்பேசியில் `amma` என்று அடித்து ‘அம்மா’ வரவழைப்பவர் தமிழ் விசைப்பலகை பழகிவிட்டதாக எண்ணுவதுண்டு. அவருடைய விரல்கள் பழகியிருப்பது ஆங்கில எழுத்துக்கூட்டல்தான்.

1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையிலும், வ, ங நீங்கலான மெய்கள் வலக்கையிலும் அமைந்துள்ளன. நடுவரிசையில் மட்டும் அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந, ய ஆகியவை இருப்பதால், இரண்டாம் வாரம் முழுவதும் அது, பத்து, கம்பு, நெய், பக்கம், புத்தகம் போன்ற சொற்களோடு நின்றுவிடலாம். இங்கே பலர் ஒவ்வொரு ஒற்றுக்கும் புள்ளி விசையைத் தேடுகிறார்கள். ஒரே மெய்யை இருமுறை அடித்தாலும், ந்த, ம்ப, ங்க, ஞ்ச, ண்ட, ன்ற போன்ற இன எழுத்து இணைகளை அடித்தாலும், முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். எனவே ‘பத்து’ என்பதற்கு `j l l d` போதும். இதே வசதி ‘பப்பாளி’யில் காலை வாரும்: மூன்று பகரத்தைத் தொடர்ந்து அடித்தால் சொல் ‘ப்பபாளி’ எனத் திரிந்துவிடும். முதல் பகரத்தை அடுத்து அகரத்தை அடித்து இணைவைத் தடுக்க வேண்டும், அதாவது `j a j j q y s`.

பழைய தட்டச்சுப் பொறியில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு வேறொரு தடை உண்டு. அங்கே கொம்பை முதலில் அடித்தார்கள்; இங்கே உச்சரிக்கும் வரிசைப்படி மெய் முதலிலும் உயிர் அடுத்தும் வரும். ‘கொ’ என்பது `h c` என்ற இரண்டே விசைகள்.

ஆனால் மூன்றாம் வாரத்தில் வேகம் சரிவதற்கு நான் கண்ட மிகப் பெரிய காரணம் வலது சுண்டுவிரல்தான். ஆங்கிலத்தில் அதற்குப் பெரும்பாலும் `p` ஒன்றே எழுத்து வேலை. தமிழ்99இல் ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்துகள் அதன் பொறுப்பு. ஆங்கிலம் நன்றாக அடிக்கும் அலுவலர் ஒருவர் ‘சந்தை’ என்ற சொல்லை அடிக்கும்போதெல்லாம் ‘சயநை’ என்று வந்தது. சகரத்தை எட்டுவதற்காக அவர் முழுக் கையையும் வலப்புறம் நகர்த்தி, திரும்ப மறந்துவிடுவார்; அதன்பின் ஒவ்வொரு விரலும் ஒரு விசை தள்ளி விழும். `[ ; l r` என்பதற்குப் பதில் `[ ' ; r` பதிவானது. ‘சந்தையில்’ என்று தொடரும்போது யகரத்துக்குப் பதில் எண்டர் விசை அழுந்தி வரியே உடைந்தது. திரையில் இப்படி ஒரு விசை தள்ளிய எழுத்துகளோ, எதிர்பாராத புது வரியோ தெரிந்தால், எழுத்து மறந்துவிட்டதாக எண்ணி நொந்துகொள்ள வேண்டாம். கை இடம் மாறியிருக்கிறது.

இதற்கு அவருக்குக் கொடுத்த பயிற்சி எளியது. சுட்டுவிரலை `j` மேட்டில் ஊன்றியபடி முதலில் ‘நய யந’ என்று நடுவரிசையில் ஐந்து நிமிடம். அடுத்து நயம், பயம், நெய். அதன்பின் பச்சை, சந்தை. கடைசியில் வாழை, ஞாயிறு. சகரத்துக்குச் சுட்டுவிரல் சற்று உயர நேர்ந்தால் குற்றமில்லை, அடுத்த எழுத்துக்கு முன் மேட்டுக்குத் திரும்பினால் போதும். மோதிர விரலால் சகரத்தை அடிக்கும் குறுக்குவழியை மட்டும் தொடக்கத்திலேயே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் அந்த விரலுக்கு டகரமும் தகரமும் ஏற்கெனவே உள்ளன.

வேகத்தை அளப்பதிலும் ஒரு தவறு நேர்கிறது. ஆங்கிலத்தில் ஐந்து விசையழுத்தத்தை ஒரு சொல்லாகக் கொள்வது மரபு. ‘புத்தகம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, விரலுக்கு ஏழு அழுத்தம். ஆகவே தமிழில் எழுத்துகளை எண்ணி ஆங்கில வேகத்தோடு ஒப்பிட்டால், தமிழ் மெதுவாக இருப்பதாகப் பொய்யான தோற்றம் உண்டாகும். விசையழுத்தங்களையே எண்ண வேண்டும். நூறு அழுத்தங்களில் ஐந்துக்கு மேல் பிழை இருக்கும்வரை அடுத்த பயிற்சிக்குப் போகாதிருப்பது என் வழக்கம்.

நான்காம் வாரத்தில்தான் இரு மொழிகளையும் ஒரே பத்தியில் கலக்கலாம். விண்டோஸில் `Win + Space` அழுத்தி மொழியை மாற்றியதும் பலர் கீழே குனிந்து விசைகளைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது திரையின் மூலையில் தெரியும் மொழிக்குறியை. விரல்கள் `f`, `j` மேடுகளைத் தாமே தேடிக்கொள்ளும்.