ரவுட்டர் அப்டேட்: இடிமழை நேரத்தில் பட்டனைத் தட்டாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் ஓர் அக்கா, சாயங்காலம் ஐந்து மணிக்கு ரவுட்டரின் ஃபர்ம்வேர் அப்டேட்டை, அதாவது அதை இயக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பதை, ஆரம்பித்தார். வெளியே வானம் கறுத்திருந்தது. ஒரு இடி, கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது பவர் விளக்கு மட்டும் மினுக்கியது. வைஃபை பெயரே போனில் வரவில்லை.

அப்டேட் நடக்கும்போது ரவுட்டர் தன் நினைவகத்தில் இருக்கும் பழைய மென்பொருளை அழித்துவிட்டு, அதே இடத்தில் புதியதை எழுதும். பாதியில் கரண்ட் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இரண்டு பிரதி வைத்திருக்கும் மாடல்கள் தப்பித்துக்கொள்ளும். ஆனால் மலிவான மாடல்கள் பலவற்றில் ஒரே பிரதிதான். கோலாலம்பூரில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் இறங்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கேட்கவே வேண்டாம். அதனால் காலை நேரம்தான் நல்லது. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட் என்று குறிப்பில் போட்டிருந்தால் மறுநாள் காலையே போட்டுவிடுங்கள். புது வசதி மட்டும் என்றால் ஒரு வாரம் பொறுக்கலாம், மற்றவர்களுக்கு அதில் ஏதும் கோளாறு வந்ததா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

கரண்ட் போகாமலே நாமே கெடுப்பதும் உண்டு. அப்டேட்டின் நடுவில் விளக்கெல்லாம் அணையும், வைஃபை அறுந்துபோகும், திரையும் அப்படியே நிற்கும். செத்துவிட்டது என்று பயந்து பிளக்கைப் பிடுங்குகிறார்கள். ரவுட்டர் எழுதி முடித்துத் தானாக மறுபடி எழ ஐந்து நிமிடம் வரை ஆகலாம். நான் பதினைந்து நிமிடம் தொடாமல் விடுவேன்.

இன்னொரு தவறு, லைன் விவரங்களை எழுதி வைக்காதது. சில அப்டேட்டுகள் செட்டிங்கை அழித்துவிடும். அப்போது வைஃபை வரும், இண்டர்நெட் வராது. சொந்தமாக வாங்கிய ரவுட்டரை யூனிஃபை இண்டர்நெட் லைனில் போட்டிருந்தால், லைனுக்குள் நுழைவதற்கான PPPoE பெயர், அதன் கடவுச்சொல், லைனில் இணையத்தைத் தனியாகப் பிரிக்கும் எண்ணான VLAN ID 500 ஆகிய மூன்றும் வேண்டும். முன்கூட்டியே ரவுட்டர் செட்டிங்கில் இவை இருக்கும் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வையுங்கள். லைன் கொடுத்தவர்களே தந்த ரவுட்டர் என்றால் அப்டேட்டைப் பெரும்பாலும் அவர்களே அனுப்புவார்கள். வலைத்தளத்தில் ஃபைல் தேடி ஏற்ற வேண்டாம்.



சரி, அந்த அக்காவின் ரவுட்டருக்கு மீட்பு வழி இருந்தது. ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே பவரைப் போட்டு, கேபிளில் லேப்டாப்பை இணைத்து, அதே மாடல், அதே ஹார்ட்வேர் வெர்ஷனுக்கான ஃபைலை ஏற்றினோம். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் அந்த வெர்ஷன் எண் இருக்கும். அது மாறினால் ஃபைல் ஒத்துவராது. அப்புறமும் இண்டர்நெட் விளக்கு சிவப்பாகவே நின்றது. லைன் போட்டபோது கொடுத்த தாளை அக்கா அலமாரியில் தேடி எடுத்து வந்தார். பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்து, VLAN இடத்தில் 500 போட்டதும் பச்சை எரிந்தது.