நுரையீரலில் புதிதாக ஒரு கட்டி: பழைய புற்றுநோயா, புதியதா? முடிவெடுக்கும்போது நேரும் தவறுகள்

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இடது மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 58 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை எல்லாம் முடிந்து நன்றாகத்தான் இருந்தார். இப்போது வேறு காரணத்துக்காக எடுத்த சிடி ஸ்கேனில், வலது நுரையீரலின் மேல்பகுதியில் 1.8 செ.மீ. கட்டி ஒன்று தெரிகிறது.

"மார்புல இருந்தது நுரையீரலுக்குப் போயிடுச்சு" என்று வீட்டில் உடனே முடிவு கட்டிவிடுவார்கள். முதல் தவறு இதுதான். அது மார்பகப் புற்றுநோயின் பரவலாக இருக்கலாம். நுரையீரலிலேயே புதிதாகத் தோன்றிய இரண்டாவது புற்றுநோயாகவும் இருக்கலாம். காசநோய்த் தழும்பு போல, புற்றுநோயே அல்லாத ஒன்றாகவும் இருக்கலாம்.

மறுவருகை என்பதும் பரவல் என்பதும் எதிரெதிரானவை அல்ல. சிகிச்சை முடிந்து ஓய்ந்திருந்த அதே நோய் மீண்டும் தலைகாட்டினால் மறுவருகை. அது பழைய தழும்பின் அருகிலோ அக்குள் நிணநீர்க் கணுவிலோ வரலாம். தொலைவில் உள்ள உறுப்பில் வந்தால் அதுவே பரவலும் ஆகிறது. அந்த உறுப்பு நுரையீரலாகவே இருந்தாலும், அங்கே வளர்வது மார்பகச் செல்கள்தான். அதை நுரையீரல் புற்றுநோய் என்று எண்ணி அதற்கான மருந்தைத் தேடிப் படிப்பது வீண் வேலை.

அடுத்து, காலத்தை வைத்துக் கணக்குப் போடுவது. ஐந்து வருடம் தாண்டிவிட்டது, ஆகவே இது புதியதுதான் என்று நினைப்பார்கள். ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும், அதாவது ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோய் பத்து, ஏன் இருபது ஆண்டுகள் கழித்தும் திரும்புவதுண்டு. நீண்ட இடைவெளி புதிய நோயின் பக்கம் சற்றே சாய்க்கும், அவ்வளவுதான்.

ஸ்கேன் படமும் அப்படித்தான். இரு நுரையீரல்களிலும் உருண்டையாக, வழவழப்பான விளிம்புடன் பல கட்டிகள் இருந்தால் பரவல் என்ற சந்தேகம் வலுக்கும். ஒற்றைக் கட்டி, முள் முள்ளாக நீட்டிய விளிம்பு என்றால் நுரையீரலிலேயே தோன்றியது என்ற சந்தேகம். நம் உதாரணத்தில் இரண்டாவது வகைதான், ஆனாலும் இது ஊகமே. பெட் சிடி என்ற ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதும் எதையும் உறுதி செய்யாது. சர்க்கரையை அதிகமாக உறிஞ்சும் எதுவும் அதில் ஒளிரும். காசநோய், நிமோனியா உட்பட.

ஆகவே கட்டியிலிருந்து ஊசியால் சிறிது திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி தேவை. "ஊசி குத்தினால் பரவிவிடும்" என்று பயந்து அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. ஊசி சென்ற வழியில் செல்கள் ஒட்டுவது மிக அரிது. பயாப்ஸி செய்யாமல் தவறான நோய்க்குச் சிகிச்சை எடுப்பதுதான் பெரிய ஆபத்து.

சரி, பயாப்ஸி முடிவு "அடினோகார்சினோமா", அதாவது சுரப்பி வகைச் செல்களில் தோன்றும் புற்றுநோய் என்று வருகிறது. இதோடு நின்றுவிடக் கூடாது, ஏனென்றால் மார்பகம், நுரையீரல் இரண்டிலிருந்தும் வரும் கட்டிகள் நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரியக்கூடும். இங்கேதான் ஐஹெச்சி எனப்படும் சாயச் சோதனை உதவுகிறது. செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் அதன் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். டிடிஎஃப்-1, நாப்சின்-ஏ பாசிடிவ் என்றால் நுரையீரல். காட்டா-3, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிடிவ் என்றால் மார்பகம். தனி ஒரு சாயத்தை நம்பி முடிவு சொல்வதில்லை. சில நுரையீரல் கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி லேசாகத் தெரிவதுண்டு, சிலவற்றில் டிடிஎஃப்-1 இருக்காது. அதனால்தான் சாயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

நம் பெண்ணுக்கு டிடிஎஃப்-1, நாப்சின்-ஏ இரண்டும் பாசிடிவ், காட்டா-3, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இரண்டும் நெகடிவ் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இது நுரையீரலின் புதிய புற்றுநோய். கணுக்களிலும் வேறு உறுப்புகளிலும் நோய் இல்லையென்றால் முதல் நிலைதான். அறுவை சிகிச்சையால் முழுமையாகக் குணமாக வாய்ப்புண்டு. இதையே மார்பகத்தின் பரவல் என்று ஊகித்திருந்தால் நான்காம் நிலையாக எடுத்து, மாத்திரை, ஊசி என்று வேறு பாதையில் போயிருப்பார்கள்.

முடிவு மறுபக்கமாக வந்திருந்தாலும் பழைய அறிக்கையை அப்படியே நம்பி மருந்து தொடங்குவது தவறு. பரவிய கட்டியில் ஹார்மோன் ஏற்பியும், மருந்தைத் தேர்வு செய்ய உதவும் ஹெர்-2 என்ற புரதமும் மாறியிருக்கலாம் என்பதால் அவற்றைப் புதிய திசுவிலேயே மறுபடி பார்ப்பார்கள்.

நோயாளிகள் அடிக்கடி விட்டுவிடும் ஒன்று, பழைய ஸ்லைடுகளும், அன்று எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்கும். சுருக்க அறிக்கை மட்டும் கையில் இருந்தால் நோயியல் மருத்துவரால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. முன்பு சிகிச்சை பெற்ற இடத்தில் பிளாக்கைக் கேட்டு வாங்கலாம். பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருப்பார்கள்.

சாயமும் கைவிடும் இடங்கள் உண்டு. தொண்டையில் ஸ்குவாமஸ் எனப்படும் தட்டைச் செல் புற்றுநோய் வந்தவருக்கு நுரையீரலிலும் ஸ்குவாமஸ் கட்டி வந்தால், சாயத்தில் தெரியும் புரதங்கள் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றுதான். அப்போது இரு கட்டிகளின் மரபணு மாற்றங்களை ஒப்பிடுகிறார்கள். அரிதான அதே மாற்றங்கள் இரண்டிலும் இருந்தால் பரவல், முற்றிலும் வேறாக இருந்தால் இரண்டாவது நோய். இந்த ஒப்பீட்டுக்கும் அந்தப் பழைய பிளாக் வேண்டும்.